இரண்டாவது சிவப்பு வட்டம்

அவர்கள் இருவரும் முதன்முதலில் சந்தித்தது, வேலைக்கு நேர்காணல் வைத்திருந்த இடத்தில், மாடிப்படியின் ஓரத்தில் போட்டிருந்த ஒரு பெஞ்சில். கீழே ஜெராக்ஸ் கடை, மேலே சந்தேகத் தீர்வு மையம். பிள்ளைகள் தங்களுக்குப் புரியாத கணக்கைப் போனில் படம் எடுத்து அனுப்புவார்கள். மையத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் அதை வெள்ளைத் தாளில் போட்டு, தாளைப் படம் எடுத்துத் திருப்பி அனுப்புவார்கள். அந்த வேலைக்குத்தான் அன்று இருவரும் வந்திருந்தார்கள். பக்கத்தில் வந்து உட்கார்ந்தவன், "பேனா இருக்குமா? வர்ற அவசரத்துல மறந்துட்டேன்" என்றான். இவன் கொடுத்தான். அவன் அதை இடது கையில் வாங்கி, இடது கையாலேயே விண்ணப்பத்தை நிரப்பி, பேனாவைத் தன் சட்டைப் பையில் செருகிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

அந்தப் பேனா திரும்பி வரவே இல்லை. பின்னாளில் யோசித்தபோது, அவனோடு தனக்கு இருந்த கணக்கு முழுவதும் அன்றைக்கே தொடங்கிவிட்டது என்று இவனுக்குத் தோன்றியது.

இருவருக்கும் வேலை கிடைத்தது. சேர்ந்த கொஞ்ச நாளிலேயே இருவருக்கும் பட்டப்பெயரும் கிடைத்தது. இவன் ஸ்கேல், அவன் லெப்ட். இவன் எந்த அம்புக்குறியையும் ஸ்கேல் வைக்காமல் வரைய மாட்டான். பிள்ளைகள் பேருந்தில் உட்கார்ந்து வரைந்தது போன்ற கோணல் அம்புகளை அனுப்புவார்கள். இவன் அதைத் தன் தாளில் முதலில் நேராக்கி, வாலையும் தலையையும் தெளிவாகப் போட்டு, பிறகுதான் கணக்கில் கை வைப்பான். அப்பா கொத்தனார். தூக்குக்குண்டு தொங்கும் நூலைப் பார்த்து வளர்ந்த கண், கோணலைச் சகிக்காது. அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் இவன்தான். அதுவும் இயற்பியல், அதுவும் முதல் வகுப்பு. பட்டம் வாங்கிய அன்று அப்பா தன் கையாலேயே சுவரில் ஆணி அடித்து, மட்டம் பார்த்து, சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டினார். வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும்போதே கண்ணில் படுகிற இடம் அது.

லெப்ட்டுக்கு அந்தப் பெருமையெல்லாம் இல்லை. அவன் வீட்டில் எல்லோரும் படித்தவர்கள். அப்பா வங்கி, அம்மா பள்ளிக்கூடம். அவன் கணக்குப் போடும் விதமே ஸ்கேலுக்கு எரிச்சலாக இருக்கும். பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே போடுவான். படத்தைத் திரும்ப வரைய மாட்டான். பிள்ளை அனுப்பிய படத்தைத் திரையில் ஒரு பார்வை பார்ப்பான், அவ்வளவுதான். எழுதும் எழுத்தோ கோழி கிளறியது மாதிரி. ஆனாலும் பிள்ளைகள் அவனைத்தான் கேட்டார்கள். "போன தடவ போட்ட சாரே போடட்டும்" என்று படத்தோடு சேர்த்து எழுதி அனுப்புவார்கள். அவன் விடைக்கு நடுவே ஏதாவது ஒரு வரி கிண்டலாக எழுதுவான், அதுதான் அவர்களுக்குப் பிடித்துப்போனது. 'இந்த அம்பு ஏன் இவ்வளவு சோகமாகச் சாய்ந்திருக்கிறது? காலையில் சாப்பிடவில்லையா?' என்று ஒரு பிள்ளைக்கு எழுதியிருந்தான். அந்தப் பிள்ளை பத்து நட்சத்திரம் போட்டிருந்தது. மதிப்புப் போடும் இடத்தில் இருந்ததே ஐந்து நட்சத்திரம்தான். மீதி ஐந்தைக் கையால் வரைந்து அனுப்பியிருந்தது.

ஸ்கேலின் நேரான அம்புகளுக்கு யாரும் கையால் நட்சத்திரம் வரைந்து அனுப்பியதில்லை.

இதோடு நின்றிருந்தால் அலுவலகப் பொறாமையாகவே போயிருக்கும். ஆனால் ஒரு மழை நாளில், குடை கொண்டுவராத லெப்ட்டை ஸ்கேல்தான் குடைக்குள் சேர்த்துத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனான். தங்கை கதவைத் திறந்தாள். துண்டு கொடுத்தாள். டீ கொடுத்தாள். டீயை இடது கையில் வாங்கியவனைப் பார்த்து, "எழுதறதும் இந்தக் கைதானா?" என்று கேட்டாள். அவன், "எழுதறதும் இதுதான். சாப்பிடறது தவிர எல்லாம் இந்தக் கைதான். இந்தக் கை கோவிச்சுக்கக் கூடாதுல்ல" என்றான். அவள் சிரித்தாள். அவ்வளவு சத்தமாக அவள் சிரித்து ஸ்கேல் கேட்டதில்லை. பேனா போன வழியிலேயே தங்கையும் போனாள். கல்யாணம் முடிந்து இருவரும் அதே வீட்டின் மாடியில் குடிவந்தார்கள்.

அன்றிலிருந்து ஸ்கேலுக்கு வந்த சோதனைகள் கொஞ்சநஞ்சமல்ல. நேற்றுவரை "டேய், அந்தத் தாளத் தள்ளு" என்று சொன்னவனை இன்று "வாங்க மாப்ள, உக்காருங்க மாப்ள" என்று கூப்பிட வேண்டியிருந்தது. அலுவலகத்தில்கூட வாய் தவறி "டேய்" வந்துவிட்டால், பக்கத்து மேசை வேதியியல் அக்கா, "மாப்பிள்ளைய மரியாதையா பேசுங்க ஸ்கேல், உங்கம்மாகிட்ட போட்டுக் கொடுத்துடுவேன்" என்று சிரிப்பார். சாப்பாட்டுத் தட்டில் முதல் கரண்டி மாப்பிள்ளைக்குப் போனது. ஜன்னலோர நாற்காலி மாப்பிள்ளைக்கு ஆனது. எல்லாவற்றுக்கும் மேல், கல்யாணப் படத்தைப் பெரிதாகச் சட்டம் போட்டு வாங்கி வந்த அப்பா, அதற்கு இடம் வேண்டும் என்று பட்டச் சான்றிதழைக் கழற்றி, அலமாரிப் பக்கம் தள்ளி மாட்டினார். அதையும் மட்டம் பார்த்துத்தான் மாட்டினார். அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் இப்போது செருப்பைக் கழற்றுகிறவர் கண்ணில் முதலில் படுவது, இடது கையால் மாலையைப் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டும் லெப்ட்.

இப்படி இருக்கும்போதுதான் கண்ணாடி அறை காலியானது.

கண்ணாடி அறை என்பது சரிபார்ப்பவரின் அறை. இயற்பியல் விடை எதுவாக இருந்தாலும் அங்கே போய், அவர் பார்த்து, தப்பிருந்தால் சிவப்பு வட்டம் போட்டு, இல்லையென்றால் மூலையில் ஒரு டிக் போட்டு, அதன்பிறகே பிள்ளைக்குப் போகும். அதில் இருந்தவர் வேறு வேலைக்குப் போகிறார் என்றதும் ஸ்கேல் மனதுக்குள்ளேயே அந்த அறைக்குக் குடிபோய்விட்டான். அதன் மேசையில் தன் ஸ்கேலை எந்தப் பக்கம் வைப்பது என்பதுவரை யோசித்தாயிற்று. அறை கிடைத்தால் வீட்டில் சொல்லலாம்: உங்கள் மாப்பிள்ளை எழுதுவதை நான் பார்த்துச் சரி என்றால்தான் வெளியே போகும். அந்த ஒரு வாக்கியத்தை அம்மாவின் முன்னால் சொல்வதற்காகவே அவனுக்கு அந்த அறை வேண்டும்.

மேலாளர் மேடம் இருவரையும் கூப்பிட்டார். அவரும் ஒரு காலத்தில் இயற்பியல் ஆசிரியை. பேச்சில் சர்க்கரை போடாதவர்.

"அந்த அறைக்கு உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர்தான். தேர்வெல்லாம் வைக்கப் போறதில்ல. இந்த வாரம் முழுக்க நீ எழுதறத அவர் பாக்கட்டும், அவர் எழுதறத நீ பாரு. சிவப்பு வட்டம் போட்ட தாளெல்லாம் என் தட்டுக்கு வரணும். வாரக் கடைசியில எடுத்துப் பாப்பேன். யாரு எப்படிப் பாக்கறீங்கன்னு அதுலயே தெரிஞ்சுடும்."

"மேடம், அவர் என் மச்சான். எப்படி வட்டம் போடறது?" என்றான் லெப்ட்.

"பேனாவாலதான். வேற எதால போடுவாங்க?"

அந்த வாரம் ஸ்கேல் தன் விடைகளை எழுதிய நேரத்தைவிட மாப்பிள்ளையின் விடைகளைப் பார்த்த நேரம்தான் அதிகம். ஒவ்வொரு தாளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். கோழி கிளறலுக்குள் ஒரு தப்பாவது இருக்காதா என்று அரிசியில் கல் பொறுக்குவது போலப் பொறுக்கினான். கல் அகப்படவில்லை. ஒருமுறை அலகு எழுத மறந்திருந்தான். அதற்கு வட்டம் போடப் போனால், கடைசி வரியில் 'அலகை மறந்துவிட்டேன் என்று நினைத்தாயா? நியூட்டன்' என்று எழுதி வைத்திருந்தான். ஸ்கேல் பல்லைக் கடித்துக்கொண்டு டிக் போட்டான். மறுபக்கம், இவனுடைய தாள்களை லெப்ட் பார்க்கிறானா என்பதே சந்தேகமாக இருந்தது. கையில் வாங்கியதும் டிக் போட்டுக் கொடுத்துவிடுவான். "மச்சான் போட்டா மட்டம் பாத்த சுவரு மாதிரி. இதுல நான் என்னத்தப் பாக்கறது?"

இப்படிப் புகழ்வதுகூட ஸ்கேலுக்குப் பொறுக்கவில்லை. தாராளமாக இருப்பதிலும் அவன்தான் முந்திக்கொள்கிறான்.

வாரக் கடைசிக்கு முந்தின நாள் மதியம், எல்லோரும் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கப் போகும் நேரத்தில் ஒரு படம் வந்தது. கோடு போட்ட தாளில் நீல மையால் கையால் வரைந்த படம். அனுப்பிய பெண்ணின் கட்டைவிரல் நிழல் மூலையில் விழுந்திருந்தது. இடப்பக்கம் O என்று ஒரு புள்ளி. அதிலிருந்து வலப்பக்கமாகப் போகும் ஓர் அம்பு. பெயர் r, நீளம் இரண்டு மீட்டர். அந்த அம்பின் நுனியில் ஒரு பொருள். அதே நுனியிலிருந்து இன்னோர் அம்பு கிளம்பி மேலே போனது. நேர் மேலே போகாமல், வந்த வழியைத் திரும்பிப் பார்ப்பதுபோல இடப்பக்கம் சாய்ந்திருந்தது. அது விசை, F, பத்து நியூட்டன். இரண்டு கோட்டுக்கும் நடுவே, உட்பக்கமாக, ஒரு சின்ன வளைவு போட்டு 60° என்று எழுதியிருந்தாள். கேள்வி இரண்டு. பொருள் r-இன் திசையிலேயே மேலும் இரண்டு மீட்டர் நகர்ந்தால் விசை செய்த வேலை எவ்வளவு? படத்தில் உள்ள நிலையில், O-வைச் சுற்றி விசையின் திருப்புத்திறன் எவ்வளவு, எந்தத் திசையில்?

முதலாவது டாட், இரண்டாவது கிராஸ். டாட் என்பது இரண்டு அம்புகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று சொல்லும் ஓர் எண். ஒத்துப்போனால் கூட்டல், எதிர்த்தால் கழித்தல். அதற்குத் திசை கிடையாது. கிராஸ் என்பது ஒன்று மற்றொன்றை எவ்வளவு திருகப் பார்க்கிறது என்பது; அதற்குத் திசை உண்டு. வலது கை விரல்களை முதல் அம்பின் பக்கம் நீட்டி, இரண்டாவது அம்பை நோக்கி மடக்கினால், கட்டைவிரல் காட்டும் பக்கமே அந்தத் திசை. மையத்தில் தினமும் யாராவது ஒருவர் காற்றில் கையை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். டீ கொண்டுவருபவர், "இங்க எல்லாரும் யாரையோ கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க, ஆனா யாரும் வர்றதில்ல" என்பார்.

கணக்கை லெப்ட் போட்டான். தாள் ஸ்கேலிடம் வந்தது. வேலை: பத்து பெருக்கல் இரண்டு பெருக்கல் காஸ் அறுபது, பத்து ஜூல். திருப்புத்திறன்: இரண்டு பெருக்கல் பத்து பெருக்கல் சைன் அறுபது, 17.3 நியூட்டன் மீட்டர், தாளிலிருந்து வெளிப்பக்கமாக.

ஸ்கேல் வழக்கம்போலப் படத்தைத் தன் தாளில் ஸ்கேல் வைத்துத் திரும்ப வரைந்தான். வரைந்து முடித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தான். இரண்டு அம்புக்கும் நடுவிலுள்ள கோணத்தை, இரண்டின் வாலையும் ஒரே புள்ளியில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். இங்கே ஒன்றின் தலையில் மற்றதன் வால் இருக்கிறது. F-ஐத் தூக்கி O-வில் வைத்தால் அது r-ஐ விட்டு அறுபது அல்ல, நூற்றிருபது டிகிரி விலகி நிற்கிறது. அந்தப் பெண் குறித்த அறுபது உட்பக்கக் கோணம். விசை, பொருள் போகும் வழிக்குப் பின்பக்கமாக இழுக்கிறது; ஆகவே வேலை கழித்தல் பத்து ஜூல். மாப்பிள்ளை கூட்டல் பத்து என்று எழுதியிருக்கிறான்! திரையில் ஒரு பார்வை பார்த்து, கண்ணில் பட்ட அறுபதை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறான்!

சைன் மட்டும் அவனை மன்னித்துவிட்டது. அறுபதுக்கும் நூற்றிருபதுக்கும் சைன் ஒன்றே, அதனால் 17.3 சரியாக வந்துவிட்டது. காஸ் மன்னிக்கவில்லை.

ஸ்கேல் சிவப்புப் பேனாவை எடுத்து, பத்து ஜூலைச் சுற்றி ஒரு வட்டம் போட்டான். வாழ்க்கையில் அவ்வளவு நிதானமாக, அவ்வளவு வட்டமாக அவன் வட்டம் போட்டதில்லை. ஓரத்தில் '120°, வாலோடு வால்' என்று எழுதினான். அத்தோடு பேனாவை மூடியிருக்கலாம்.

மூட மனம் வரவில்லை. இத்தனை நாள் பசியோடு இருந்தவனுக்கு ஒரு வாய் போதவில்லை. கோணத்தில் தவறியவன் திசையில் தவறாமல் இருப்பானா? வெளிப்பக்கமாம், வெளிப்பக்கம்! பார்ப்போம். வழக்கமாகத் திசை பார்ப்பதற்கு முன் ஸ்கேல் பேனாவைக் காதில் செருகுவான். வலது கை காலியானால்தானே விரலை மடக்க முடியும். அன்று சிவப்புப் பேனா விரலிடுக்கில் பாதி திறந்தபடி துடித்துக்கொண்டிருந்தது, அடுத்த வட்டத்துக்குத் தயாராக. சும்மா கிடந்தது இடது கைதான். அதைத் தாளின்மேல் நீட்டி, r-இன் பக்கம் விரலை வைத்து, F-ஐ நோக்கி மடக்கினான். கட்டைவிரல் மேசைக்குள் குத்தியது. உட்பக்கம்!

"இன்னொண்ணு!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டான்.

"என்ன ஸ்கேல், லாட்டரி அடிச்சிடுச்சா?" என்றார் வேதியியல் அக்கா.

"அதவிடப் பெருசு அக்கா."

இரண்டாவது சிவப்பு வட்டம் முதலாவதைவிடப் பெரிதாக விழுந்தது. ஓரத்தில் 'உட்பக்கம்!' என்று எழுதி ஆச்சரியக்குறியும் போட்டான். தாளை ஒரு பிரதி எடுத்து மேடத்தின் தட்டில் குப்புற வைத்துவிட்டு, அசல் தாளை மாப்பிள்ளையின் மேசையில் மல்லாத்தி வைத்துவிட்டு, சாப்பிடப் போனான். அன்று அம்மா கட்டிக் கொடுத்த முட்டைப் பொரியல் அவ்வளவு ருசியாக இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோதும் அந்த ருசி இன்னும் நாக்கில் இருந்தது. தங்கை மாடியிலிருந்து இறங்கி வந்து அம்மாவோடு சமையலறையில் இருந்தாள். அப்பா வேலை முடிந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். எல்லோரும் சாப்பிட உட்கார்ந்ததும் அம்மா ஒரு ஊறுகாய் ஜாடியைத் தூக்கிக்கொண்டு வந்தார். மூடி இறுகிப்போயிருந்தது. ஸ்கேல் கை நீட்டினான். அம்மா அந்தக் கையைத் தாண்டிப் போய், "இந்தாங்க மாப்ள, கொஞ்சம் திறந்து கொடுங்க" என்றார்.

"ஏம்மா, நான் கை நீட்டினது தெரியலயா?"

"உனக்கு எதுக்குடா சிரமம்? நீ கணக்குப் போடற கை."

"அவர் மட்டும் என்ன கல்லு உடைக்கறாரா?"

"அண்ணே, ஊறுகாய்க்கெல்லாமா போட்டி?" என்றாள் தங்கை. "வேணும்னா அடுத்த ஜாடி உனக்கு."

லெப்ட் சிரித்துக்கொண்டே ஜாடியை மடியில் இடுக்கி, மூடியை இடது கையால் பிடித்துத் திருகினான். ஸ்கேல் அந்தக் கையையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். மூடியின் வலப்பக்க விளிம்பு மேலேறி, இடப்பக்கம் சாய்ந்து, கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றியது. சுற்றச் சுற்ற மூடி ஜாடியை விட்டுக் கிளம்பி, மேலே, பார்க்கிறவன் முகத்தை நோக்கி வந்தது.

ஸ்கேல் சோற்றைப் பிசைவதை நிறுத்தினான்.

வலப்பக்கம் r. நுனியில் மேலேயும் இடப்பக்கமுமாக F. அது r-ஐத் திருப்புவதும் இதே பக்கம்தான், கடிகாரத்துக்கு எதிராக. மூடி எந்தப் பக்கம் வருகிறது? வெளிப்பக்கம். மெல்ல வலது கையைச் சாப்பாட்டுத் தட்டுக்குக் கீழே கொண்டுபோய் விரலை மடக்கிப் பார்த்தான். கட்டைவிரல் தன் முகத்தைப் பார்த்து எழுந்தது. அதையே இடது கையால் செய்து பார்த்தான். கட்டைவிரல் தரையைப் பார்த்தது. மதியம் சிவப்புப் பேனா எந்தக் கையில் இருந்தது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

இடது கைக்காரனுக்கு இந்தத் தப்பு வரவே வராது. அவன் பேனா எப்போதும் இடது கையில்; வலது கை எப்போதும் காலி. அந்த நேரத்திலும் ஸ்கேலுக்கு முதலில் வந்தது பயமல்ல, அந்தப் பொறாமைதான். பிறக்கும்போதே சரியான கையைக் காலியாக வைத்துக்கொண்டு பிறந்திருக்கிறான் பார்!

"மச்சான்," என்றான் லெப்ட், ஜாடியை அம்மாவிடம் கொடுத்துக்கொண்டே, "இன்னைக்கு ரெண்டு இடத்துல பிடிச்சீங்களே! கோணத்த நான் பாக்கவே இல்ல. ரெண்டயும் மாத்தி எழுதி அனுப்பிட்டேன்."

"ரெண்டயுமா?"

"வட்டம் போட்டிருந்தீங்கல்ல."

"நீங்க ஒரு தடவ கைய வச்சுப் பாத்துட்டு மாத்தலயா?"

"நீங்க பாத்துட்டீங்களே. அப்புறம் நான் எதுக்கு?"

அப்பா மகனைப் பார்த்து, "ரெண்டு தப்பு பிடிச்சியாடா?" என்று கேட்டார். அந்தக் குரலில் நெடுநாளைக்குப் பிறகு பழைய பெருமை இருந்தது. சான்றிதழை மாட்டிய நாளின் பெருமை. ஸ்கேல் வாயில் சோற்றை வைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினான். இப்போது சொன்னால் இரண்டு ஒன்றாகும். சொல்லாவிட்டால் கண்ணாடி அறை தன்னுடையது. தப்பான விடை இப்போது மாப்பிள்ளையின் கையெழுத்தில்தான் இருக்கிறது. வட்டம் போட்ட பிரதியை மேடம் புரட்டும்போது இரண்டாவது வட்டத்தை எண்ணுவாரே தவிர, கை வைத்துப் பார்க்கவா போகிறார்? சொல்லவில்லை. ஊறுகாய் தொண்டையில் எரிந்தது.

மறுநாள் காலையில் அந்தப் பெண்ணிடமிருந்து இன்னொரு படம் வந்தது. அதே கோடு போட்ட தாள், அதே கோணல் அம்புகள். அவற்றின்மேல் அவளுடைய வலது கை. சுண்டுவிரல் பக்கம் தாளில் படும்படி வைத்து, நான்கு விரலையும் r-இலிருந்து F-ஐ நோக்கி மடக்கியிருந்தாள். கட்டைவிரல் கேமராவைப் பார்த்து நிமிர்ந்து நின்றது. கீழே ஒரு வரி: 'சார், வேலை கழித்தல் பத்து என்பது இப்போது புரிந்தது. ஆனால் கட்டைவிரல் என் பக்கம்தானே வருகிறது? நீங்கள் உட்பக்கம் என்கிறீர்களே. என் கை தப்பா?'

மேடம் அந்தப் படத்தைத் திரையில் பெரிதாக்கி வைத்துக்கொண்டு இருவரையும் கூப்பிட்டார்.

"பிள்ளை தன் கையையே சந்தேகப்படுது. யாரு இத எழுதினது?"

லெப்ட் ஒரு கணம் படத்தைப் பார்த்தான். தன் வலது கை விரலை மெல்ல மடக்கிப் பார்த்தான். புரிந்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது. ஸ்கேல் பக்கம் திரும்பாமலே, "நான்தான் மேடம். அவசரத்துல திசைய மாத்தி எழுதிட்டேன். என் தப்பு. அந்தப் பொண்ணுகிட்ட நானே மன்னிப்பு கேட்டுடறேன்" என்றான்.

ஸ்கேலுக்கு முதலில் மூச்சு வந்தது. தப்பித்தாயிற்று. பிறகு மேடத்தின் முகத்தைப் பார்த்தான். பேச்சில் சர்க்கரை போடாத அந்த முகம் லேசாக இளகியிருந்தது. மாப்பிள்ளையைப் பார்த்து அது இளகியது! தப்பை உடனே ஒத்துக்கொள்ளும் மனிதன் என்று அது இளகியது. இது நாளைக்கு வீட்டுக்குத் தெரியும். மச்சானுக்காகப் பழியை ஏற்றுக்கொண்டான் என்று தங்கை அம்மாவிடம் சொல்வாள். அம்மா கண் கலங்குவார். அப்பா கல்யாணப் படத்தை இன்னும் நடுவுக்கு நகர்த்துவார். பேனா, தங்கை, நாற்காலி, நட்சத்திரம், இப்போது தன்னுடைய சொந்தத் தப்பையும்கூட இவன் எடுத்துக்கொண்டு போகிறான்!

"மேடம், அது அவர் தப்பில்ல!" என்றான் ஸ்கேல். அறைக்கு வெளியே வேதியியல் அக்கா தலையைத் தூக்கும் அளவுக்குச் சத்தமாக. "என் தப்பு. அவர் வெளிப்பக்கம்னு சரியாத்தான் எழுதியிருந்தாரு. நான்தான் வட்டம் போட்டு மாத்த வச்சேன். தட்டுல தாள் இருக்கு, எடுத்துப் பாருங்க."

"மச்சான், விடுங்க..."

"நீங்க சும்மா இருங்க மாப்ள! எல்லாத்தயும் நீங்களே எடுத்துக்கணுமா? இதயாவது எனக்கு விடுங்க!"

மேடம் தட்டிலிருந்து தாளை எடுத்தார். இரண்டு வட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஆச்சரியக்குறியைப் பார்த்தபோது அவர் உதட்டோரம் துடித்தது. சிரிப்பா கோபமா என்று தெரியவில்லை.

"ஒரு தப்புக்கு ரெண்டு பேர் சண்ட போட்டு நான் பாத்ததில்ல. பேனா வலது கையில இருந்துச்சா?"

ஸ்கேல் தலையைக் குனிந்தான். "ஆமா மேடம். இடது கைய மடக்கிட்டேன்."

"முதல் வட்டம் அருமையான வட்டம். பிள்ளைங்க பாதிப் பேரு அந்த அறுபதுலதான் விழுவாங்க, இவரும் விழுந்தாரு. அத நீ பாத்துப் பிடிச்ச. ரெண்டாவத நீ பாக்கல, தேடின. தேடினா எந்தக் கையிலயும் தப்பு கிடைக்கும்." பிறகு லெப்ட்டிடம் திரும்பினார். "நீங்க பாக்கவும் இல்ல, தேடவும் இல்ல. சிவப்பு மை தெரிஞ்சா சரியா எழுதினதயே அடிச்சிடறீங்க. உங்கள அங்க உக்கார வச்சா எல்லாத் தாளுக்கும் டிக்தான் விழும். இவன உக்கார வச்சா எல்லாத் தாளுக்கும் வட்டம்தான்."

"அப்ப அந்த அறை மேடம்?" என்று கேட்டது ஸ்கேல்தான். கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"அதுல வெள்ளைத்தாள் கட்டு அடுக்கிக்கலாம். நீங்க ரெண்டு பேரும் இப்படியே ஒருத்தர் தாள ஒருத்தர் பாருங்க. வாரக் கணக்கு கிடையாது, இனிமே எப்பவும் இப்படித்தான். ஒரு நிபந்தனை. வட்டம் போட்டா தாள அனுப்பக் கூடாது. எழுந்து எதிர் மேசைக்குப் போயி, ஏன் போட்டேன்னு கை வச்சுக் காட்டணும். எழுதினவரும் தன் கைய வச்சுப் பாத்துட்டுத்தான் மாத்தணும்."

வெளியே வந்ததும் லெப்ட் அந்தப் பெண்ணுக்குப் பதில் எழுத உட்கார்ந்தான். எழுதுவதற்கு முன் எதிர் மேசைக்குத் தாளைத் தள்ளி, "மச்சான், நீங்களே எழுதுங்க. உங்க தப்புன்னு அடிச்சுப் பிடிச்சு வாங்கினீங்கல்ல" என்றான். ஸ்கேல் முறைத்தபடியே வாங்கினான். ஸ்கேல் வைத்துப் படத்தை வரைந்து, 'உன் கை சரி. என் கைதான் தப்பு. கட்டைவிரல் உன் பக்கமே வரும்' என்று எழுதினான். சற்று யோசித்து, 'நான் மடக்கியது இடது கை. அது பாவம், அதற்கு ஒன்றும் தெரியாது' என்று சேர்த்தான். கேலியாக எழுதியது அதுதான் அவனுக்கு முதல் தடவை. சாயங்காலம் அந்தப் பெண் ஐந்து நட்சத்திரம் போட்டு, ஆறாவதாக ஒன்றைக் கையால் வரைந்து அனுப்பினாள். கோணலான நட்சத்திரம். ஸ்கேல் அதை அன்று மாப்பிள்ளைக்குக் காட்டவில்லை. மாப்பிள்ளைக்கு இதுவரை கையால் வரைந்து வந்தவை ஐந்து. தனக்கு வந்தது ஒன்று. அந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டான்.

இப்போதும் அவன் அதே மையத்தில்தான் இருக்கிறான். சுவரோர மேசை அவனுடையது, எதிர் மேசை மாப்பிள்ளையுடையது. கண்ணாடி அறையில் வெள்ளைத்தாள் கட்டுகள் இருக்கின்றன. திசை பார்க்கும் முன் பேனாவை மேசைமேல் வைத்துவிடுகிறான், காதில்கூடச் செருகுவதில்லை. தங்கைக்கு ஒரு பெண் குழந்தை. தவழ்ந்து வந்து எதை எடுத்தாலும் இடது கையாலேயே எடுக்கிறது. யாரும் பார்க்காதபோது அவன் கிலுகிலுப்பையை அதன் வலது கைக்கு மாற்றி வைக்கிறான். அது திரும்பவும் இடது கைக்கு மாற்றிக்கொள்கிறது.